ஒன்றுக்கு ஒன்று: ஹிஜாப் வழக்கைச் சுருக்கி எழுதுதல்

சட்டமும் சமயமும் என்ற செமினாருக்கு ஆளுக்கொரு தீர்ப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். தாளின் முதல் பகுதி அந்தத் தீர்ப்பின் சுருக்கம், மீதி நம்முடைய வாதம். எனக்கு வந்தது ஆயிஷத் ஷிஃபா எதிர் கர்நாடக அரசு. கர்நாடகத்தில் வகுப்பறைக்குள் ஹிஜாப் அணியலாமா என்ற வழக்கில் 2022 அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பெயரைக் கேட்டதும் பேராசிரியர் சிரித்தார். "சுருக்கத்துல 'தீர்ப்பு'ன்னு ஒரு தலைப்பு போடுவீங்கல்ல, அதுக்குக் கீழ என்ன எழுதப் போறீங்கம்மா?" என்றார்.

நியாயமான கேள்விதான். சீருடை பற்றிய அரசாணையை ஏற்ற கர்நாடக உயர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து வந்த மேல்முறையீடுகளை நீதிபதி ஹேமந்த் குப்தா தள்ளுபடி செய்தார். நீதிபதி சுதான்ஷு துலியா அவற்றை ஏற்று, உயர் நீதிமன்றத் தீர்ப்பையும் அரசாணையையும் ரத்து செய்தார். அமர்வில் இருந்தவர்கள் அந்த இரண்டு பேர் மட்டுமே. கடைசியில் இருவரும் சேர்ந்து பிறப்பித்த உத்தரவு மிகச் சிறியது: எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருப்பதால், உரிய அமர்வை அமைப்பதற்காக வழக்கு தலைமை நீதிபதி முன் வைக்கப்படட்டும். நீதிமன்றம் என்ற அமைப்பு சொன்னது இவ்வளவுதான். மீதிப் பக்கங்கள் எல்லாம் இரண்டு தனி மனிதர்களின் கருத்துகள்.

ஆகவே சுருக்கத்தைப் பின்னாலிருந்து தொடங்குவது என்று முடிவு செய்தேன். வழக்கமான வரிசை எல்லோருக்கும் தெரியும்: நிகழ்வுகள், எழுவினாக்கள், வாதங்கள், காரணங்கள், தீர்ப்பு. பிளவுத் தீர்ப்பில் அந்த வரிசையில் போனால், படிப்பவர் கடைசிப் பத்திக்கு வரும்வரை ஏதோ ஒரு முடிவை நோக்கிப் போய்க்கொண்டிருப்பதாகவே நினைத்துக்கொள்வார். அதனால் உத்தரவையும், அதனால் இன்று என்ன நிலைக்கிறது என்பதையும் முதல் பத்தியிலேயே வைத்துவிட வேண்டும்.

என்ன நிலைக்கிறது? அரசியலமைப்பின் 145(5) பிரிவு, விசாரித்த நீதிபதிகளில் பெரும்பான்மையினரின் இசைவு இல்லாமல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்க முடியாது என்கிறது. ஒன்றுக்கு ஒன்று என்றால் பெரும்பான்மை இல்லை. பெரும்பான்மை இல்லாத இடத்தில் சிறுபான்மையும் இல்லை. இணையத்தில் சுற்றும் குறிப்புகள் பலவற்றில் துலியாவின் கருத்து 'மாறுபட்ட தீர்ப்பு' என்று குறிப்பிடப்படுவதைப் பார்க்கலாம். இது சின்னப் பிழை போலத் தெரியும். ஆனால் அப்படி எழுதிய உடனேயே குப்தாவின் கருத்து நாட்டின் சட்டமாகிவிடுகிறது. உண்மையில் இரண்டுமே யாரையும் கட்டுப்படுத்தாது. உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குத் தடை விதிக்கப்படவும் இல்லை. ஆகவே அந்த அக்டோபர் நாளுக்குப் பிறகும் கர்நாடகத்தில் செல்லுபடியானது, மார்ச் 15 அன்று அங்கே மூன்று நீதிபதிகள் கொண்ட முழு அமர்வு சொன்னதுதான். "உச்ச நீதிமன்றம் தடையை உறுதி செய்தது" என்பதும் தவறு, "ரத்து செய்தது" என்பதும் தவறு. இதை எழுத எனக்கு நான்கு வரிகள் போதுமாயிருந்தன. ஆனால் அந்த நான்கு வரிகள்தான் மற்ற எல்லாவற்றையும் தாங்குகின்றன.

அடுத்து நிகழ்வுகள். இங்கே செய்தித்தாள் நினைவிலிருந்து எழுதாமல் அரசாணையை எடுத்துப் படிப்பது நல்லது. உடுப்பி மாவட்டத்து அரசு பி.யு. கல்லூரிகளில், அதாவது நம் ஊர் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு இணையான வகுப்புகளில், முக்காடு அணிந்த மாணவிகள் உள்ளே விடப்படவில்லை. 2022 பிப்ரவரி 5 அன்று கர்நாடகக் கல்விச் சட்டம் 1983-இன் 133(2) பிரிவின் கீழ் அரசு ஓர் ஆணை வெளியிட்டது. அந்த ஆணையின் செயல்படு பகுதியில் ஹிஜாப் என்ற பேச்சே இல்லை. அரசுப் பள்ளிகளில் அரசு நிர்ணயித்த சீருடை, தனியார் பள்ளிகளில் நிர்வாகம் நிர்ணயித்தது, பி.யு. கல்லூரிகளில் கல்லூரி மேம்பாட்டுக் குழு நிர்ணயித்தது. எதுவும் நிர்ணயிக்கப்படவில்லை என்றால் ஒற்றுமைக்கும் சமத்துவத்துக்கும் பொது ஒழுங்குக்கும் உகந்த உடை. இவ்வளவுதான். ஹிஜாப் வருவது முன்னுரையில். சில உயர் நீதிமன்றத் தீர்ப்புகளைச் சுட்டி, முக்காட்டைத் தடுப்பது அரசியலமைப்பில் சமய உரிமை தரும் 25ஆம் பிரிவை மீறுவதாகாது என்று அங்கே சொல்லப்படுகிறது. முன்னுரை தரும் சட்ட விளக்கத்தை வைத்துக்கொண்டு, முடிவெடுக்கும் பொறுப்பைக் கல்லூரிக் குழுவிடம் தள்ளிவிடுகிறது ஆணை. அந்தக் குழுக்களுக்குத் தொகுதி சட்டமன்ற உறுப்பினர் தலைவர். எனவே 'அரசு ஹிஜாபைத் தடை செய்தது' என்று ஒரே வரியில் எழுதினால் வழக்கின் பாதி சிக்கல் காணாமல் போய்விடும். தடை எங்கே இருக்கிறது, யார் போட்டது என்பதே வாதத்துக்குரிய விஷயம்.

உயர் நீதிமன்றம் நான்கு வினாக்களை எழுப்பியது. முதல் வினாவுக்குத்தான் நாடு முழுக்கப் பெயர் கிடைத்தது: ஹிஜாப் அணிவது இஸ்லாத்தில் இன்றியமையாச் சமயப் பழக்கமா? அப்படிப்பட்ட பழக்கத்துக்கே 25ஆம் பிரிவின் பாதுகாப்பு என்பது நீதிமன்றங்கள் வைத்திருக்கும் சோதனை. இல்லை என்றது நீதிமன்றம். குர்ஆனின் யூசுஃப் அலி மொழிபெயர்ப்பையும் உரையையும் வைத்துக்கொண்டு, இது பண்பாட்டோடு தொடர்புடையதாக இருக்கலாம், சமயக் கட்டாயம் அல்ல என்ற முடிவுக்கு வந்தது. பேச்சுரிமை, அந்தரங்க உரிமை பற்றிய இரண்டாவது வினாவுக்கு, பள்ளிகள் 'தகுதிக்குட்பட்ட பொது இடங்கள்' என்று பதில் சொன்னது. நீதிமன்றம், போர் அறை, ராணுவ முகாம் போல அங்கே தனிமனித சுதந்திரம் இயல்பாகவே சுருங்கும் என்பது அதன் வாதம்.

இன்றியமையாச் சமயப் பழக்கம் என்ற இந்தச் சோதனை எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. 1954-இல் வந்த சிரூர் மடம் வழக்கில்தான் அதன் விதை இருக்கிறது. சென்னை மாகாணத்து இந்து அறநிலையச் சட்டத்தை எதிர்த்து ஒரு மடாதிபதி தொடுத்த வழக்கு அது. அந்த மடம் உடுப்பியின் எட்டு மடங்களில் ஒன்று. தென் கன்னடம் அப்போது சென்னை மாநிலத்தில் இருந்ததால், எதிர்த்தரப்பில் நின்றது சென்னை அறநிலையத் துறை ஆணையர். ஒரு சமயத்தில் எது இன்றியமையாதது என்பதை முதன்மையாக அந்தச் சமயத்தின் கோட்பாடுகளைக் கொண்டே அறிய வேண்டும் என்று அன்று நீதிபதி பி.கே. முகர்ஜி எழுதினார். மடத்தின் உள்விவகாரத்தில் அரசு எவ்வளவு தூரம் கை வைக்கலாம் என்பதற்குக் கட்டுப்பாடாகச் சொல்லப்பட்ட வாசகம் அது. 1961-இல் அஜ்மீர் தர்கா வழக்கில் நீதிபதி கஜேந்திரகட்கர் அதைத் திருப்பிப் போட்டார். மூடநம்பிக்கையிலிருந்து முளைத்தவை பின்னால் சமயத்தில் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அவற்றைப் பிரித்தறிய வேண்டும் என்றார். சமயத்தைக் காக்க வந்த சொல், அன்றிலிருந்து நீதிமன்றம் கையில் பிடித்த சல்லடையானது. உடுப்பி மடத்தில் தொடங்கிய அந்தச் சல்லடை, அறுபத்தெட்டு ஆண்டுகள் கழித்து உடுப்பி மாணவிகளின் முக்காட்டைச் சலிக்க வந்து நின்றது. இதைச் சுருக்கத்தில் சேர்க்க இடமில்லை. தாளின் இரண்டாம் பகுதிக்கு எடுத்து வைத்துக்கொண்டேன்.

உச்ச நீதிமன்றக் கருத்துகளைப் படிக்கும்போது நான் எதிர்பார்த்தது, ஒருவர் இன்றியமையாதது என்பார், மற்றவர் இல்லை என்பார் என்று. படித்து முடித்தபோது வேறு ஒன்று தெரிந்தது. இரண்டு பேருமே அந்தச் சோதனையின் மீது நிற்கவில்லை.

குப்தா பதினொரு வினாக்களை வகுத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் மேல்முறையீட்டாளர்களுக்கு எதிராகவே விடை தருகிறார். ஆனால் இன்றியமையாமை பற்றி அவர் சொல்வதைக் கவனியுங்கள். ஹிஜாப் சமயப் பழக்கமாக இருக்கலாம், இன்றியமையாப் பழக்கமாகவும் இருக்கலாம், சமூக நடத்தையாகவும் இருக்கலாம். அது எதுவானாலும், அரசுப் பணத்தில் நடக்கும் மதச்சார்பற்ற பள்ளிக்குள் சமய நம்பிக்கையைச் சுமந்து வர முடியாது என்பதே அவர் நிலை. உயர் நீதிமன்றம் சிரமப்பட்டு விடை கண்ட கேள்வி அவருக்குத் தேவையே படவில்லை. அவருடைய வாதம் மூன்று படிகளில் ஏறுகிறது. 25ஆம் பிரிவு தரும் சமய உரிமை, அடிப்படை உரிமைகளைச் சொல்லும் அதே பகுதியின் மற்றப் பிரிவுகளுக்கு உட்பட்டது. அதில் 14ஆம் பிரிவின் சமத்துவமும் ஒன்று. சீருடை என்பது மாணவர்களுக்குள் சமத்துவத்தைக் கொண்டுவரும் கருவி. ஒரு சமூகத்துக்கு மட்டும் அடையாளத்தை அனுமதித்தால் அது மதச்சார்பின்மைக்கு எதிரானது. ஹிஜாபானாலும் திலகமானாலும், அதை அனுமதிக்கும் வேறு பள்ளிக்கு மாணவர் போகலாம் என்றும் சொல்கிறார். சீருடைக்காக ஒருவர் வகுப்புக்கு வராமலிருந்தால் அது அவரே எடுத்த முடிவு, அரசு கல்வியை மறுத்ததாகாது என்பது அவர் தரும் இன்னொரு விடை.

துலியாவோ, இந்த வழக்கில் இன்றியமையாமைச் சோதனையைக் கையில் எடுத்ததே தவறான பாதை என்கிறார். மடமோ கோயிலோ தன் விவகாரத்தைத் தானே நிர்வகிக்கும் உரிமை பற்றிய வழக்குகளில் வளர்ந்த சோதனை அது. இங்கே கேட்பது ஒரு தனி மாணவி, அவள் கேட்பது தனக்கான உரிமை. இறையியல் நூல்களை விளக்குவது நீதிமன்றத்தின் வேலையல்ல. நம்பிக்கை உண்மையானதா, அதனால் பொது ஒழுங்குக்கோ, நல்லொழுக்கத்துக்கோ, நலவாழ்வுக்கோ கேடு உண்டா என்று பார்த்தால் போதும். முடிவில் இது அவளுடைய தெரிவு, அதற்கு மேல் ஒன்றுமில்லை என்று எழுதுகிறார். பள்ளி வாசலில் முக்காட்டைக் கழற்றச் சொல்வது அவளுடைய அந்தரங்கத்தின் மீதும் கண்ணியத்தின் மீதுமான ஊடுருவல் என்கிறார். பள்ளியைச் சிறையோடும் ராணுவ முகாமோடும் ஒப்பிட்டதை ஏற்க மறுக்கிறார். ஒழுங்கு வேண்டும், ஆனால் சுதந்திரத்தையும் கண்ணியத்தையும் விலையாகக் கொடுத்து வேண்டாம் என்பது அவர் வாதம். பெண் குழந்தை பள்ளிக்கு வந்து சேர்வதற்கே எத்தனை தடைகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது என்பதையும் நினைவூட்டுகிறார்.

ஆக, இருவரும் ஒரே கேள்விக்கு இரண்டு விடை சொல்லவில்லை. குப்தா கேட்பது: எல்லோருக்கும் பொதுவான ஒரு விதியிலிருந்து ஒருவருக்கு விலக்கு கொடுக்க அரசு கடமைப்பட்டிருக்கிறதா? துலியா கேட்பது: கழற்று என்று சொல்ல அரசுக்கு என்ன தேவை வந்தது? இந்த இரண்டு கேள்விகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காத எந்தச் சுருக்கமும், அது எவ்வளவு நீளமாக இருந்தாலும், இந்த வழக்கைச் சொல்லவில்லை என்பது என் எண்ணம். அரசியலமைப்பின் முகவுரையில் உள்ள சகோதரத்துவம் என்ற அதே சொல்லை இருவரும் எடுக்கிறார்கள். அடையாளங்கள் மறைந்தால் சகோதரத்துவம் வளரும் என்று ஒருவர். வேறுபாட்டைப் பார்த்துப் பழகினால்தான் வளரும் என்று மற்றவர்.

இருவரும் நேருக்கு நேர் மோதிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அது 1986-இல் வந்த பிஜோ இம்மானுவேல் வழக்கு. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதம் ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். பாட்டில் யாருடைய சமய உணர்வையும் புண்படுத்தும் சொல் ஏதுமில்லை என்று வார்த்தை வார்த்தையாகப் பார்த்துச் சொன்னது கேரள உயர் நீதிமன்றம். உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி, அது தப்பான கேள்வி என்றார். அந்த நம்பிக்கை நமக்குச் சரியாகப் படுகிறதா என்பதல்ல, அவர்கள் அதை மனதார நம்புகிறார்களா என்பதுதான் கேள்வி. பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

துலியாவுக்கு இந்த வழக்குதான் முதுகெலும்பு. குப்தா இது சீருடை பற்றிய வழக்கல்ல என்று பிரித்து ஒதுக்குகிறார். இதைச் சுருக்கும்போது, 'ஒருவர் பின்பற்றினார், மற்றவர் பின்பற்றவில்லை' என்று எழுதி நகர்ந்துவிடுவது எளிது. அதைவிட, பிரித்துப் பார்ப்பதற்கான அடிப்படை வலுவானதா என்று படிப்பவரே தீர்மானிக்கும் அளவுக்கு அந்த வழக்கின் நிகழ்வை இரண்டு வரியாவது சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைகள் செய்தது ஒரு பொது விதியிலிருந்து ஒதுங்கி நின்றது. எல்லோரும் பாடும் இடத்தில் மூன்று பேர் பாடாமல் நின்றது கண்ணுக்கும் காதுக்கும் தெரிந்திருக்கும். அது சீருடையிலிருந்து அவ்வளவு தொலைவா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் இந்த வாக்கியம் சுருக்கத்தில் வரக் கூடாது. தாளின் வாதப் பகுதியில்தான் வர வேண்டும்.

இன்னொரு வழக்கு தமிழ் வாசகர்களுக்கு ஆர்வமூட்டும். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில், தென்னிந்திய வழிவந்த ஒரு தமிழ் இந்துக் குடும்பத்துப் பெண் மூக்குத்தி போட்டுக்கொண்டு போனாள். பள்ளி விதிப்படி நகைக்குத் தடை. பருவமெய்திய பெண்ணுக்கு மூக்குக் குத்துவது எங்கள் குடும்ப வழக்கம் என்றார் தாய். சமயத்தில் அது கட்டாயம் என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் குடும்பப் பெயரால் பிள்ளை வழக்கு என்று அறியப்படும் இதில், 2007-இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றத்துக்காகத் தலைமை நீதிபதி பையஸ் லங்கா எழுதியது: கட்டாயமான பழக்கத்தைப் போலவே, விரும்பிச் செய்யும் பழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு. நியாயமான அளவுக்கு இடங்கொடுக்கப் பள்ளி கடமைப்பட்டிருந்தது, அது இடங்கொடுக்கவில்லை. ஒருவருக்கு விலக்கு கொடுத்தால் ஒழுங்கு குலைந்துவிடும் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

கர்நாடக உயர் நீதிமன்றம் இந்த வழக்கை எடுத்துப் பார்த்துவிட்டு, மூக்குத்தி கண்ணில் படாத அளவுக்குச் சிறியது, முக்காடு அப்படியல்ல என்று ஒதுக்கியது. என் பாட்டி கேட்டிருந்தால் கோபப்பட்டிருப்பாள். எட்டுக்கல் பேசரி போட்டுக்கொள்வதே நாலு பேர் பார்க்கத்தானே! விளையாட்டை விட்டுவிட்டுப் பார்த்தாலும், அளவை வைத்துப் பிரிப்பது அந்த வழக்கின் காரணத்தைத் தொடவில்லை. பள்ளி இடங்கொடுக்க முயன்றதா என்பது அங்கே இருந்த கேள்வி. உடுப்பி வழக்கிலும் மாணவிகள் ஒரு வழி சொன்னார்கள். சீருடையின் நிறத்திலேயே முக்காடு போட்டுக்கொள்கிறோம் என்றார்கள். அப்படிச் செய்தால் முக்காடிட்டவர்கள், இடாதவர்கள் என்று இரண்டு வகை மாணவிகள் உருவாவார்கள், சீருடையின் நோக்கமே கெடும் என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. இந்த ஒரு பரிமாற்றத்தைச் சுருக்கத்தில் கட்டாயம் வைக்க வேண்டும் என்று அடம்பிடித்தேன். இரண்டு தரப்பும் என்ன கேட்கிறது, என்ன மறுக்கிறது என்பது அரசியலமைப்புப் பிரிவு எண்களைவிட இதில்தான் தெளிவாகத் தெரிகிறது.

பேராசிரியர் முதல் வடிவத்தைப் படித்துவிட்டு, துலியாவின் பகுதி குப்தாவின் பகுதியைவிட நன்றாக எழுதப்பட்டிருப்பதாகச் சொன்னார். "உங்களுக்கு யார் பக்கம்னு எனக்குத் தெரிஞ்சுடுச்சும்மா. தெரியக் கூடாது" என்றார். ஒருவருடைய வாதத்தை அவரே படித்தால் 'ஆமாம், இதைத்தான் சொன்னேன்' என்று சொல்லும்படி எழுது என்பது அவர் அடிக்கடி தரும் அளவுகோல். குப்தாவின் வாதத்தில் வலுவான புள்ளி எது என்று தேடினேன். சமத்துவம் என்ற பெயரில் அவர் சொல்வது வெறும் ஒரே நிறத் துணி அல்ல. பணக்காரன், ஏழை, சாதி, மதம் எதுவும் வாசலில் தெரியாத ஓர் இடம் பிள்ளைகளுக்கு வேண்டும் என்பது அதன் உள்ளடக்கம். சாதிக்கயிறு கட்டிக்கொண்டு பள்ளிக்கு வரும் பையன்களைப் பற்றிக் கவலைப்படும் தமிழ்நாட்டு வாசகருக்கு இந்த வாதம் அந்நியமானதல்ல. கயிறும் முக்காடும் ஒன்றா என்பது வேறு விவாதம். ஆனால் குப்தாவைச் சுருக்கும்போது அந்தக் கவலையின் எடை தெரிய வேண்டும்.

கடைசியில் சுருக்கத்தின் மையப் பத்தி இப்படி வந்தது:

"இரு நீதிபதிகளும், ஹிஜாப் இன்றியமையாச் சமயப் பழக்கமா என்ற வினாவுக்கு விடை காண்பதை முடிவின் அடிப்படையாகக் கொள்ளவில்லை. நீதிபதி குப்தாவின் கருத்தில், பழக்கத்தின் தன்மை எதுவாயினும், அரசுப் பள்ளியில் சமத்துவத்துக்காக வகுக்கப்பட்ட சீருடை விதி அதற்கு மேல் நிற்கும். நீதிபதி துலியாவின் கருத்தில், உண்மையான நம்பிக்கையின் பேரில் அணியப்படும், பிறருக்குக் கேடு தராத உடையை அகற்றச் சொல்ல அரசு போதிய காரணம் காட்டவில்லை. பெரும்பான்மை இல்லாததால் எந்தக் கருத்தும் முன்தீர்ப்பாகாது."

இதற்கு அடிக்குறிப்பு போடும்போது ஒவ்வொரு இடத்திலும் பத்தி எண்ணோடு நீதிபதியின் பெயரையும் எழுதினேன். 'ஆயிஷத் ஷிஃபா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது' என்ற சொற்றொடர் தாளில் எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்து, இருந்த இடத்திலெல்லாம் 'உச்ச நீதிமன்றம்' என்பதை அடித்துவிட்டு யார் கூறியது என்று போட்டேன். தலைமை நீதிபதிக்கு அனுப்பிய உத்தரவைப் பற்றிய வரியில் மட்டும் அது மிஞ்சியது.